தேங்காய் பர்பியில் சீனிக்குப் பதில் வெல்லம்: எடைக் கணக்கும் பதக் கணக்கும்

கேள்வி: “200 கிராம் தேங்காய்த் துருவலுக்கு ஒரு கப் சீனி, அதாவது 200 கிராம், போட்டுத்தான் எப்போதும் பர்பி செய்வேன். இந்த முறை ஒரு கப் சீனிக்கு ஒரு கப் பொடித்த வெல்லம் என்று மாற்றினேன். இனிப்பும் குறைந்துவிட்டது, வில்லை போடவும் வரவில்லை. எடைக்கு எடை எவ்வளவு வெல்லம் போட வேண்டும்?”

உங்கள் அளவுக்கு 230 கிராம் வெல்லம் சரியாக இருக்கும். சீனியின் எடையை 1.15 ஆல் பெருக்கிக்கொள்வது பெரும்பாலான நல்ல வெல்லத்துக்குப் பொருந்தும். ஆனால் இந்தக் கணக்கு இனிப்பை மட்டுமே சரிசெய்யும். வில்லை வராததற்குக் காரணம் வேறு என்பதால், 230 கிராம் போட்டும் பழைய கைப்பழக்கத்திலேயே அடுப்பை அணைத்தால், இனிப்பான, ஆனால் இன்னமும் தட்டில் ஒட்டிக்கொள்ளும் பர்பிதான் கிடைக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். சர்க்கரைப் பொங்கலில் உள்ள ‘சர்க்கரை’ வெல்லத்தைத்தான் குறிக்கிறது; பல ஊர்களில் இன்று அதே சொல் வெள்ளைச் சர்க்கரையைக் குறிக்கிறது. குழப்பம் வராமல் இருக்க, இந்தப் பதில் முழுவதும் வெள்ளையானதைச் சீனி என்றும், கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்ததை வெல்லம் என்றும் எழுதுகிறேன்.

சீனி ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ் என்ற ஒரே பொருள். அதில் ஈரம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. வெல்லம் அப்படிப்பட்டதல்ல. நூறு கிராம் நல்ல வெல்லத்தில் ஏறக்குறைய எழுபத்தைந்து முதல் எண்பத்தைந்து கிராம் வரை சுக்ரோஸ் இருக்கும். அதோடு ஐந்து முதல் பதினைந்து கிராம் வரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கும். மீதி ஈரம், தாது உப்புகள், சாற்றோடு வந்த பிற பொருள்கள், சிறிதளவு சக்கைத் தூசு ஆகியவை. ஈரம் மட்டுமே மூன்று கிராமிலிருந்து பத்து கிராம் வரை மாறக்கூடியது. ஆக, இனிப்பைத் தரும் பகுதி நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு கிராம். அதிலுள்ள ஃபிரக்டோஸ் சீனியைவிட இனிப்பானது, குளுக்கோஸ் சீனியைவிட இனிப்புக் குறைந்தது; இரண்டும் ஏறத்தாழச் சமமாகச் சேர்ந்திருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தத்தில் சீனியின் இனிப்புக்கு அருகிலேயே நிற்கின்றன. எனவே நூறு கிராம் வெல்லம் எண்பத்தேழு கிராம் சீனிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. 200 கிராமை 0.87 ஆல் வகுத்தால் 230 கிராம் கிடைக்கிறது. மேலே சொன்ன 1.15 என்ற எண் வந்த வழி இதுதான்.

உங்கள் பர்பியில் இனிப்பு குறைந்ததற்குக் கப்பும் ஒரு காரணம். 240 மில்லி கப்பில் சீனி 200 கிராம் பிடிக்கும். பொடித்த வெல்லத்தை அழுத்தாமல் அள்ளினால், துண்டுகளுக்கிடையே காற்று நிறைந்து, அதே கப்பில் 150 கிராம் அளவுதான் நிற்கும். அந்த 150 கிராமில் இனிப்புப் பகுதி சுமார் 130 கிராம். ஆகவே நீங்கள் 200 கிராம் இனிப்பு போட வேண்டிய இடத்தில் 130 கிராம்தான் போட்டிருக்கிறீர்கள்; மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே வெல்லத்தைத் துருவி, கப்பில் அழுத்தி நிரப்பியிருந்தால் 200 கிராமுக்கு மேலும் போயிருக்கும். இதனால்தான் “ஒரு கப்புக்கு ஒரு கப் போதும்” என்று ஒருவரும், “ஒன்றரைக் கப் வேண்டும்” என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இருவரும் தங்கள் வீட்டு அனுபவத்தையே சொல்கிறார்கள். கை அழுத்தம்தான் வேறு. வெல்லத்தைக் கப்பால் அளப்பதை விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1.15 என்பது சராசரி. கையில் உள்ள வெல்லம் அந்தச் சராசரிக்கு மேலா கீழா என்பதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. புதிய கடையில் வெல்லம் வாங்கும்போதெல்லாம் நான் இதைச் செய்கிறேன். மூன்று டம்ளர்களில் 200 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் 20 கிராம் சீனி, இரண்டாவதில் 22 கிராம் வெல்லம், மூன்றாவதில் 24 கிராம் வெல்லம். வெல்லம் சீக்கிரம் கரைய வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. ஆனால் மூன்றும் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகுதான் சுவைக்க வேண்டும். ஃபிரக்டோஸின் இனிப்பு சூட்டில் குறைந்தும் குளிர்ச்சியில் கூடியும் தெரியும் என்பதால், சூடாகக் குடித்து ஒப்பிட்டால் வெல்லம் குறைத்து மதிப்பிடப்படும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் எடுத்துக் கொடுக்கச் சுவையுங்கள். நிறம் தெரிந்தால், அடர் நிறத் தண்ணீர் கூடுதல் இனிப்பு என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். 22 கிராம் டம்ளர் சீனித் தண்ணீரோடு ஒத்துப்போனால் பெருக்க வேண்டிய எண் 1.1, 24 கிராம்தான் ஒத்துப்போகிறது என்றால் 1.2, இரண்டுக்கும் நடுவே என்று தோன்றினால் அந்த 1.15. உப்புக் கரிப்பு தூக்கலாகத் தெரியும் வெல்லமும் உண்டு. அப்படிப்பட்ட வெல்லத்தைக் கூடுதலாகப் போட்டு இனிப்பை எட்ட முயன்றால் கரிப்பும் சேர்ந்தே ஏறும். அதைப் பர்பிக்கு எடுக்காமல், தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் அந்தச் சுவையைத் தாங்கிக்கொள்ளும் பாயசத்துக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

நாட்டுச் சர்க்கரை தூளாக, ஓரளவு உலர்ந்து இருப்பதால் 1.1 போதுமானதாக இருக்கும். கையில் பிசுபிசுக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் உருண்டை வெல்லத்துக்கு 1.2 தேவைப்படலாம். தூசும் மண்ணும் அதிகமாக உள்ள வெல்லமாக இருந்தால், வடிகட்டும்போது போகும் எடைக்காக இன்னும் ஐந்து கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருப்பதால் இந்த மாற்றம் என்றால், 230 கிராம் வெல்லத்தில் உடலுக்குள் போகும் இனிப்பும் அதே 200 கிராம்தான். அதே இனிப்பு வேண்டும் என்று கணக்கிட்டு மாற்றும்போது அந்த இனிப்பின் சுமையும் மாறுவதில்லை. வெல்லம் தருவது மணமும் நிறமும் ஆழ்ந்த சுவையும். அவற்றுக்காக மாற்றுங்கள், நோயாளிக்கு இதை வேறு பொருளாக நினைத்துக் கொடுக்காதீர்கள்.

இனி வில்லைக்கு வருவோம். சீனிப் பர்பி ஏன் கெட்டியாகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கம்பிப் பதத்தில் துருவலைக் கொட்டிக் கிளறும்போது, சிறிது நேரத்தில் ஓரங்களில் வெண்மையாக நுரைத்துப் பூத்து வரும். கரைந்திருந்த சீனி மறுபடியும் நுண்ணிய மணிகளாக உறையத் தொடங்குவதன் அடையாளம் அது. தட்டில் கொட்டியபின் அந்த மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் உள்ளே ஈரம் மிச்சமிருந்தாலும் பர்பி கால் மணி நேரத்தில் கத்திக்கு நிற்கிறது. அதாவது, சீனிப் பர்பியை நிற்க வைப்பது மணி.

வெல்லத்தில் இந்த மணி எளிதில் பிடிக்காது. அதிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சுக்ரோஸ் துகள்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதைத் தடுக்கின்றன. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகாமல் இருக்கிறது அல்லவா? புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பகுதியை இந்த இரண்டாகவும் உடைத்துவிடுகின்றன என்பதுதான் அதற்கும் காரணம். கரும்புச் சாறும் இயல்பாகவே சற்றுப் புளிப்பானது. அதைக் கொப்பரையில் நெடுநேரம் கொதிக்க வைக்கும்போது அதே வேலை தானாகவே நடந்துவிடுகிறது. சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறிப்பதால் அது கட்டுக்குள் இருக்கிறது. வெட்டிய கரும்பை நாள் கடத்தி ஆட்டினால் அது கூடுகிறது. பிசுபிசுத்து இளகும் வெல்லம் வில்லைக்கு ஆகாது என்று அனுபவமுள்ளவர்கள் ஒதுக்குவதற்கு இதுதான் அடிப்படை. வில்லை வேண்டுமென்றால், தட்டினால் கணீரென்று இல்லாவிட்டாலும் ‘டொக்’ என்று ஒலித்து, உடைத்தால் உள்ளே மணி மணியாகத் தெரியும் வெல்லத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மணி நிற்க வைக்காத பர்பியை எது நிற்க வைக்கும்? பாகின் கெட்டித்தன்மை. அதாவது தண்ணீரை இன்னும் கூடுதலாக வெளியேற்றி, ஆறியபின் பாகு தானே இறுகும்படி செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பண்டங்களே போதும். தேங்காயும் வெல்லமும் சேர்த்து, லேசாகச் சுருண்டதும் இறக்கினால் கொழுக்கட்டைப் பூரணம். அதே இரண்டையும் கெட்டி உருட்டுப் பதம் தாண்டிப் பாகாக்கி உருட்டினால் கடைவாயில் வைத்துக் கடிக்க வேண்டிய கமர்கட். வெல்லத் தேங்காய் பர்பி இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு குறுகிய இடம். நீங்கள் சீனிக்குப் பழகிய கையோடு ஒரு கம்பியில் நிறுத்தியதால், உங்கள் தட்டில் இருந்தது உண்மையில் இனிப்புக் குறைந்த பூரணம்.

அந்த நடு இடத்தைப் பிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். 200 கிராம் துருவலை முதலில் வெறும் கடாயில், மெல்லிய தீயில், நிறம் மாறாமல், கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் ஒட்டாத அளவுக்கு வதக்கித் தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள். புதுத் தேங்காய்த் துருவலின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர் என்பதால், இந்தப் படியைத் தவிர்த்தால் நீங்கள் பக்குவமாக இறுக்கிய பாகு துருவல் விழுந்த மறுகணமே இளகிவிடும். சீனிப் பர்பியில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. வெல்லத்தில் இதுவே எல்லாவற்றையும் கெடுக்கும்.

அடுத்து 230 கிராம் வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில், கொதிக்கவிடாமல் கரைத்து வடிகட்டுங்கள். வெல்லத்தோடு பதினைந்து கிராம் அளவு தண்ணீர் ஏற்கெனவே வந்துவிடுகிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பர்பியில் வேண்டாம். எவ்வளவு ஊற்றினாலும் பதம் வரும்வரை கொதிக்க வைக்கப் போகிறோம். கூடுதல் தண்ணீரால் நேரம்தான் கூடும்.

வடிகட்டிய பாகை அடிகனமான கடாயில் நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் நுரை பெரிது பெரிதாகப் பொங்கும். பிறகு நுரை சிறுத்து, கனத்து, ‘பொத் பொத்’ என்று கொதிக்கும். இந்த நேரத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு கரைந்து பரவினால் இன்னும் நேரமிருக்கிறது. கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் சேர்ந்து, ஆனால் எடுத்ததும் தட்டையாக வழிந்தால், அது பலரும் அதிரசத்துக்கு எடுக்கும் இளம் பதம். கூட்டி எடுத்த உருண்டை விரல் நுனியில் உருண்டையாகவே நின்று, அழுத்தினால் மட்டும் நசுங்கினால், அதுதான் நமக்கு வேண்டிய உருட்டுப் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இது ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ். சீனிக்கு நீங்கள் நிறுத்திய ஒரு கம்பிப் பதம் 105 டிகிரியை ஒட்டி வருவது. கம்பியை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெல்லப் பாகில் சாற்றின் பிசினும் கலந்திருப்பதால், அது தன் பதத்தை எட்டும் முன்பே விரல்களுக்கிடையே கம்பி இழுத்துக் காட்டி ஏமாற்றிவிடும்.

இப்போது வதக்கிய துருவலையும் இரண்டு தேக்கரண்டி நெய்யையும் சேர்த்துத் தீயைக் குறைத்துவிடுங்கள். வெல்லம் சீனியைவிட விரைவில் அடிப்பிடிக்கும். கருகல் வாடை லேசாக எழுந்துவிட்டாலும் கசப்பு பர்பி முழுவதும் பரவிவிடும் என்பதால், கரண்டி அடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெண்ணுரைக்காகக் காத்திருக்காதீர்கள், இதில் அது வராது. பார்க்க வேண்டியவை வேறு. கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் கடாயின் அடி தெரிந்து, அந்தத் தடம் உடனே மூடாமல் நிற்கும். கலவை ஒரே திரளாகக் கரண்டியோடு சுற்றி வரும். ஓரத்தில் நெய் மினுமினுக்கும். அப்போது ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் உருண்டு, நசுக்கினால் ஓரம் வெடிக்காமல் பரவினால் உடனே கொட்டிவிடலாம். ஒட்டினால் இன்னும் ஓரிரு நிமிடம் கிளறுங்கள். இறுகி ரப்பர் போல் எதிர்த்தால் கமர்கட்டை நோக்கிப் போய்விட்டீர்கள். இரண்டு தேக்கரண்டி வெந்நீர் தெளித்துக் கிளறி ஒரு படி பின்னே வரலாம்.

சரியாக வந்த ஒரு முறை, கடாயோடு தராசில் வைத்து, வெறுங்கடாயின் எடையைக் கழித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுகளில் அடுத்த முறை செய்யும்போது அந்த எடைக்கு வந்ததும் நிறுத்தினால் போதும். கண்ணுக்கும் விரலுக்கும் இருக்கும் சந்தேகம் தராசுக்கு இல்லை. கொட்டியபின், சூடு தணியும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டு, வில்லைகளைப் பிரிக்க இரண்டு மணி நேரம் பொறுங்கள். சீனிப் பர்பியின் கால் மணி நேரம் இதற்குப் போதாது.

சீனிப் பர்பியின் அந்த மொரமொரத்த கடியும் வேண்டும், வெல்ல மணமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது 160 கிராம் வெல்லத்தோடு 60 கிராம் சீனி. 160 ஐ 0.87 ஆல் பெருக்கினால் 139. அதோடு 60 சேர்ந்தால் 199. இனிப்பு அப்படியே இருக்கிறது. மணி பிடிப்பதைத் தடுக்கும் பொருளின் பங்கு குறைவதால் வில்லை விரைவாகவும் உறுதியாகவும் நிற்கிறது. வெல்லப் பலகாரத்தில் சீனி சேர்ப்பதைச் சிலர் ஏமாற்று வேலையாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறை மாற்றுபவர்கள் இந்த அளவில் தொடங்கினால் தட்டு வீணாகாது.

பாகு காய்ச்சாத பலகாரங்களில் மட்டும் தண்ணீர்க் கணக்கைக் கவனிக்க வேண்டும். ரவா கேசரியில் வெல்லத்தைக் கரைக்க ஊற்றும் தண்ணீரை, ரவை வேக வைக்கும் தண்ணீரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ரவை முழுவதும் வெந்த பிறகே வெல்லக் கரைசலை ஊற்றுங்கள். இனிப்பு சேர்ந்தபின் ரவை மேற்கொண்டு வேகாது. பாலில் செய்யும் பாயசமானால், வெல்லத்தின் புளிப்பால் கொதிக்கும் பால் திரிந்துவிடக்கூடும் என்பதால், அடுப்பை அணைத்து, பால் சூடு தணிந்தபின் ஆறிய வெல்லப் பாகைச் சேர்க்க வேண்டும். எடைக்கு அதே 1.15 தான். மறுபுறம், வெல்லத்தில் எழுதப்பட்ட குறிப்பைச் சீனிக்கு மாற்றும்போது வெல்லத்தின் எடையை 0.87 ஆல் பெருக்குங்கள். ஆனால் அதிரசம் போல, வெல்லத்தின் மணி பிடிக்காத தன்மையாலேயே மெத்தென்று இருக்கும் பலகாரம் சீனிக்கு மாறும்போது இரண்டாம் நாளே உலரத் தொடங்கும்.

கடைசியாக, வைப்பதைப் பற்றி. வெல்லப் பர்பி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் திறந்த தட்டில் விட்டால் மறுநாள் காலையில் மேற்பரப்பு வியர்த்து ஒட்டும். இறுக்கமான டப்பாவில், அடுக்குகளுக்கிடையே வெண்ணெய்த் தாள் வைத்து மூடுங்கள். இப்போது உங்களிடம் நிற்காமல் இருக்கும் அந்தத் தட்டைக் கீழே கொட்ட வேண்டாம். ஒரு கப் வெல்லம் 150 கிராம் என்றால், குறையாக நின்றது 80 கிராம் வெல்லம். அந்த 80 கிராமை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, உருட்டுப் பதம் வந்ததும் பழைய கலவையை உதிர்த்துப் போட்டு, சிட்டிகை ஒட்டாமல் உருளும்வரை கிளறுங்கள். தேங்காயில் நாள்பட்ட வாடை எதுவும் வராதிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.